தீர்வாகாத ஏழு காசோலைகள்: ஓர் அரிசி ஆலையின் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்

மன்னார்குடிப் பக்கத்தில் இயங்கும் ஓர் அரிசி ஆலையின் 2025 மார்ச் 31ஆம் தேதிக்குரிய வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் இந்த ஆய்வின் பொருள். நம் ஏட்டின் இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் எதனால் வேறுபடுகின்றன என்று வரி வரியாகக் காட்டும் பட்டியல் அது. ஆலை யாருடையது என்று தெரியாதிருக்கும் பொருட்டு ஊர்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். கணக்கின் அமைப்பை மாற்றவில்லை. அந்தப் பட்டியலின் முதல் வடிவம் ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லாமல் பொருந்தி நின்றது. ஆனால் அதில் தீர்வாகாத காசோலைகள், அதாவது எழுதிக் கொடுத்தும் வங்கி இன்னும் பணம் தராதவை, என்று காட்டப்பட்ட ஏழில் மூன்று அந்தத் தலைப்பின் கீழ் வரக்கூடாதவை. ஒரு பட்டியல் எப்படித் தவறாக இருந்துகொண்டே பொருந்தும் என்பதையும், ஒவ்வொரு காசோலையையும் எதைக் கொண்டு சோதிப்பது என்பதையும் இந்த ஏழின் வழியாகவே பார்க்கலாம்.

டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடக்கிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டவருக்குப் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். தனியார் ஆலைக்குக் கொடுத்தவர்களில் பலர் இன்னமும் காசோலைதான் வாங்குகிறார்கள். அதனால் மார்ச் மாதக் கடைசியில் இங்குள்ள ஆலைகளின் கணக்கில், எழுதிக் கொடுத்தும் வங்கிக்கு வந்து சேராத காசோலைகள் ஆண்டின் வேறெந்த மாதத்தையும்விட அதிகமாக நிற்கும்.

ஆலை உரிமையாளரின் கேள்வி நேரானது. "பேங்குல ஏழரை லட்சத்துக்கு மேல காட்டுது. நம்ம கணக்குப்பிள்ளைத் தம்பி நாலு லட்சம்கூட இல்லைங்கிறார். எது சார் சரி?" என்று கேட்டார். வங்கி அறிக்கையின்படி மார்ச் 31 இறுதியில் இருப்பு ரூ.7,64,740. ஆலையின் ரொக்க ஏட்டில் வங்கிப் பத்தியின் இருப்பு ரூ.3,86,420. அந்த வாரமே ஒரு வியாபாரியிடம் ஆறு லட்ச ரூபாய்க்குத் தாளடி நெல் எடுக்க அவர் பேசி வைத்திருந்தார். ஆகவே இந்தக் கேள்வி ஏட்டோடு முடிகிற கேள்வியாக இருக்கவில்லை.

இரண்டு இருப்பும் வேறுபடுவதில் குற்றம் எதுவும் இல்லை. ஒரு காசோலையை எழுதிக் கொடுத்த அன்றே ரொக்க ஏட்டின் செலுத்தல் பக்கத்தில் பதிந்து நம் இருப்பைக் குறைத்துவிடுகிறோம். வங்கிக்கோ அந்தக் காசோலை அதன் முன் வரும் வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காசோலை பெறுநரின் கையில் இருக்கும் அத்தனை நாளும் வங்கியின் இருப்பு நம் இருப்பைவிட அந்த அளவுக்குக் கூடுதலாகவே நிற்கும். ஆகவே ரொக்க ஏட்டின் இருப்பில் தொடங்கி வங்கியின் இருப்புக்குப் போகும்போது அந்தத் தொகையைக் கூட்ட வேண்டும். நாம் போட்டும் வங்கி இன்னும் வரவு வைக்காத காசோலை இதற்கு நேர் எதிரானது. அதைக் கழிக்க வேண்டும்.

ஆலையின் கணக்காளர் பொறுப்பான இளைஞர். வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள தொகைகளை ஒவ்வொன்றாக டிக் அடித்து வந்தார். டிக் விழாமல் ஏட்டில் நின்ற காசோலைகள் இவை:

| காசோலை எண் (கடைசி 3 இலக்கம்) | தேதி | பெறுநர் | தொகை (ரூ.) |
|---|---|---|---|
| 431 | 12-12-2024 | விவசாயி, கோட்டூர் | 58,400 |
| 507 | 21-2-2025 | விவசாயி, வடுவூர் | 74,250 |
| 519 | 10-3-2025 | சாக்கு வியாபாரி, கும்பகோணம் | 36,900 |
| 523 | 18-3-2025 | விவசாயி, நீடாமங்கலம் | 1,12,500 |
| 528 | 26-3-2025 | லாரி வாடகை | 28,750 |
| 531 | 29-3-2025 | விவசாயி, வலங்கைமான் | 91,300 |
| 533 | 31-3-2025 | இயந்திரப் பட்டறை, தஞ்சாவூர் | 65,000 |
| | | மொத்தம் | 4,67,100 |

இவற்றைத் தவிர, அரிசி வாங்கிய ஒருவர் கொடுத்த ரூ.48,000 காசோலை வங்கியில் போடப்பட்டு வரவாகாமல் இருந்தது. வங்கி தன் கட்டணமாகப் பிடித்த ரூ.1,180 ஏட்டில் ஏறாமல் இருந்தது. கணக்காளர் 3,86,420உடன் 4,67,100ஐக் கூட்டி, 48,000ஐயும் 1,180ஐயும் கழித்தார். வந்தது ரூ.8,04,340. வங்கி காட்டுவதோ ரூ.7,64,740. இடையே ரூ.39,600 வித்தியாசம்.

வித்தியாசத்தைத் தேடியவருக்கு வங்கி அறிக்கையில் மார்ச் 13ஆம் தேதி டிக் விழாத ஒரு பற்று கண்ணில் பட்டது. அதன் தொகை சரியாக ரூ.39,600. உடனே அதை "வங்கி தவறாகப் பற்று வைத்தது" என்று ஒரு வரியாக எழுதினார், பட்டியல் பொருந்திவிட்டது. எனக்கு வந்து சேர்ந்த வடிவம் இதுதான். கீழே இரண்டு இருப்பும் ஒத்துப்போயிருந்ததால் அவருக்கு அதில் ஐயம் எழவில்லை.

இங்கே பார்க்க வேண்டியது வங்கி அறிக்கையின் அந்த வரியில் தொகைக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த காசோலை எண்ணை. அது 519. சாக்கு வியாபாரிக்கு எழுதிய அதே காசோலை. காசோலையில் எழுதியது 39,600. வங்கி கொடுத்ததும் 39,600. ஏட்டில் ஏறியது மட்டும் 36,900. தொகையை வைத்து டிக் அடித்ததால் ஒரே காசோலை ஏட்டுப் பக்கம் தீர்வாகாத ஒன்றாகவும், வங்கிப் பக்கம் தவறான ஒன்றாகவும் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பக்கம் 36,900ஐக் கூட்டி, மறுபக்கம் 39,600ஐக் கழித்தால், ரூ.2,700 என்ற உண்மையான பிழை இரண்டு பெரிய தொகைகளுக்கு நடுவே மறைந்துபோகிறது. இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும், 2,700உம் வகுபடுகிறது. அதைவிட உறுதியான சான்று பேரேட்டில் இருந்தது: சாக்கு வியாபாரியின் கணக்கில் அவருக்குத் தர வேண்டியதாக ரூ.2,700 பாக்கி நின்றது, அவரோ தமக்கு எதுவும் வர வேண்டியதில்லை என்றார். தீர்வு எளிது. அவர் கணக்கில் 2,700 பற்று, வங்கிக் கணக்கில் 2,700 வரவு. காசோலை 519 பட்டியலை விட்டே போய்விடும், வங்கியின் மீது சொன்ன குற்றமும் போய்விடும்.

காசோலைகளைத் தொகையைப் பார்த்து டிக் அடிக்கக் கூடாது, எண்ணைப் பார்த்தே அடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எண் பொருந்தித் தொகை பொருந்தாவிட்டால் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். வங்கி தவறாகப் பற்று வைப்பது நடக்காத காரியம் அல்ல. ஆனால் அப்படி எழுதும் முன் அந்த வரியின் எண்ணை ஆலையின் காசோலைப் புத்தக அடிக்கட்டையோடு ஒப்பிட்டிருக்க வேண்டும்.

அடுத்தது 431. தேதி 2024 டிசம்பர் 12. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2012 ஏப்ரல் 1 முதல் ஒரு காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கே செல்லும். அதற்கு முன் ஆறு மாதம் இருந்தது. ஆக மார்ச் நடுவிலேயே இந்தக் காசோலை காலாவதியாகிவிட்டது. மார்ச் 31 அன்று அது தீர்வை எதிர்நோக்கி நிற்கும் காசோலை அல்ல, ஏனென்றால் அன்று அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வங்கி பணம் தராது. அதைப் பட்டியலில் தொடர்ந்து சுமந்தால் ரொக்க ஏட்டின் இருப்பு ரூ.58,400 குறைவாகவும், விவசாயிக்குத் தர வேண்டிய கடன் அதே அளவு குறைவாகவும் தெரியும். வங்கிக் கணக்கில் பற்று வைத்து, விவசாயியின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். சில இடங்களில் இப்படிப்பட்ட தொகையை "இதர வருமானம்" என்று எடுத்துவிடுகிறார்கள். அது தவறு. காலாவதியானது காசோலை மட்டுமே, நெல்லுக்கான கடன் அப்படியே இருக்கிறது.

அந்த விவசாயி ஏன் போடவில்லை என்று கேட்டோம். "சமயத்துக்கு வந்து சொல்லத் தெரியலங்க, பேரு சரியில்லன்னு பேங்குல திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார். ஆலையில் எழுதிய முன்னெழுத்தும் அவருடைய வங்கிக் கணக்கில் உள்ள முன்னெழுத்தும் வேறாக இருந்திருக்கின்றன. காசோலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அவருக்குப் பணத்தை நெஃப்ட் வழியாக அனுப்பும் முன், பழைய காசோலையை வாங்கி, குறுக்கே கோடிட்டு ரத்து என்று எழுதி அடிக்கட்டையோடு இணைத்தோம். காலாவதியான தாள்தானே என்று வெளியே விட்டுவைத்தால், அது பிறகு யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஆலையிடம் பதில் இருக்காது.

மூன்றாவது தவறு, என் பார்வையில் மற்ற இரண்டையும்விடக் கனமானது. காசோலை 533, மார்ச் 31 தேதியிட்டு, உமி நீக்கும் இயந்திரத்தின் உருளைகளைச் செய்து தரும் தஞ்சாவூர்ப் பட்டறைக்கு எழுதப்பட்டது. கையெழுத்தும் ஆகியிருந்தது. ஆனால் அந்தத் தேதியில் அது ஆலையின் மேசை இழுப்பறையைவிட்டு வெளியே போகவே இல்லை. பணம் வந்தபின் கொடுக்கலாம் என்று உரிமையாளர் வைத்திருந்தார். ஏப்ரல் 10 அன்றுதான் கொடுத்தார். எழுதியது மட்டும் ஒருவருக்குச் செலுத்தியதாகாது. அவர் கைக்குப் போக வேண்டும். ஆகவே மார்ச் 31 அன்று இந்த ரூ.65,000 வங்கியிலேயே இருந்தது, பட்டறைக்கான கடனும் இருந்தது. இரண்டையும் மீண்டும் ஏட்டில் ஏற்ற வேண்டும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினம். தீர்வாகாத காசோலைகளைச் சோதிக்க எல்லோரும் முதலில் செய்வது, அடுத்த மாத வங்கி அறிக்கையை எடுத்து அவை தீர்வாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது. நல்ல வழிதான். இங்கே 528 ஏப்ரல் 2 அன்றும், 531 ஏப்ரல் 3 அன்றும், 523 ஏப்ரல் 4 அன்றும், 507 ஏப்ரல் 9 அன்றும் தீர்வாயின. ஆனால் 533உம் ஏப்ரல் 15 அன்று தீர்வாகிவிட்டது. அந்த அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அதுவும் மற்ற நான்கைப் போலவே நேர்மையான காசோலையாகத்தான் தெரியும். காசோலை கடைசியில் வங்கிக்குப் போனது என்பதை அடுத்த மாத அறிக்கை காட்டும். அது என்று கைமாறியது என்பதை அதனால் காட்ட முடியாது. அதற்கு வேறு சான்று வேண்டும். இந்த ஆலையில் காசோலைப் பதிவேட்டில் பெறுநர் கையெழுத்திடும் ஒரு பத்தி இருந்ததால்தான் தப்பித்தோம். மற்ற ஆறுக்கும் அங்கே கையெழுத்தோ கைநாட்டோ இருந்தது. 533க்கு எதிரே அந்த இடம் காலியாக இருந்தது.

வருமான வரியிலும் இது தொடுகிறது. சிறு, குறு நிறுவனமாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளருக்கு உரிய கெடு, அதாவது எழுத்து உடன்பாடு இருந்தால் அதிகபட்சம் 45 நாளும் இல்லாவிட்டால் 15 நாளும், கடந்தபின் ஆண்டு இறுதியில் பாக்கி நின்றால் அந்தச் செலவை, 2024-25 நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961இன் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவின் எச் உட்பிரிவு அந்த ஆண்டில் அனுமதிக்காது; உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் அனுமதிக்கும். பட்டறை அப்படிப் பதிவு பெற்றது, அதன் பில்லும் பழையது. இழுப்பறையில் இருந்த காசோலையை மார்ச் 31ஆம் தேதியே செலுத்தியதாகக் காட்டியிருந்தால், கிடைக்கக் கூடாத கழிவை அந்த ஆண்டில் கோரியிருப்போம்.

மீதியுள்ள நான்கும் உண்மையிலேயே தீர்வாகாத காசோலைகள். அவற்றின் மொத்தம் ரூ.3,06,800. லாரி வாடகையும் வலங்கைமான் காசோலையும் மாதக் கடைசியில் கொடுக்கப்பட்டவை, அவற்றின் தாமதத்துக்கு விளக்கமே தேவையில்லை. நீடாமங்கலத்துக்காரர் ஊரில் இல்லை. வடுவூர் விவசாயி சொன்ன காரணம் இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்பது: அவருடைய கணக்கிலேயே பயிர்க்கடன் பாக்கி இருந்தது, காசோலையைப் போட்டால் வங்கி அதில் பிடித்துக்கொள்ளுமோ என்று அஞ்சி, கடனைப் புதுப்பிக்கும் வரை வீட்டில் வைத்திருந்தார். நாற்பது நாளுக்கு மேல் ஒரு காசோலை நின்றால் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பது சரிதான். ஆனால் இத்தகைய காரணம் சொல்லப்பட்டு, அது பின்னர் தீர்வானதும் ஒத்துப்போனால் அதை ஏற்கலாம்.

திருத்தங்களை முதலில் ரொக்க ஏட்டில் ஏற்றி, அதன் பிறகே பட்டியலை எழுத வேண்டும். ஏட்டில் ஏற வேண்டியவற்றைப் பட்டியலிலேயே ஒரு வரியாகப் போட்டுவிட்டு நகர்ந்தால் அவை அடுத்த மாதமும் அதே வரியில் நிற்கும்.

| விவரம் | ரூ. |
|---|---|
| ரொக்க ஏட்டின்படி இருப்பு | 3,86,420 |
| கூட்டு: காலாவதியான காசோலை 431 | 58,400 |
| கூட்டு: கொடுக்கப்படாத காசோலை 533 | 65,000 |
| கழி: காசோலை 519இல் குறைத்துப் பதிந்தது | 2,700 |
| கழி: வங்கிக் கட்டணம் | 1,180 |
| திருத்திய ரொக்க ஏட்டு இருப்பு | 5,05,940 |
| கூட்டு: விடுத்தும் தீர்வாகாதவை (507, 523, 528, 531) | 3,06,800 |
| கழி: போட்டும் வரவாகாத காசோலை | 48,000 |
| வங்கி அறிக்கையின்படி இருப்பு | 7,64,740 |

இருப்புநிலைக் குறிப்பில் மார்ச் 31 அன்று காட்ட வேண்டியது ரூ.5,05,940. முதல் வடிவத்தின்படி வங்கிக் கட்டணத்தை மட்டும் ஏட்டில் ஏற்றியிருந்தால் அது ரூ.3,85,240 ஆகியிருக்கும். கடனீந்தோர் தலைப்பும் உண்மையைவிடக் குறைந்து நின்றிருக்கும்.

உரிமையாளரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. ஏழரை லட்சமும் இல்லை, நாலு லட்சத்துக்குக் கீழும் இல்லை. ஆனால் ஐந்து லட்சமும் அவர் எடுத்துச் செலவிடக் கூடியது அல்ல, ஏனென்றால் கோட்டூர் விவசாயிக்கும் பட்டறைக்கும் தர வேண்டியது அதற்குள் இருக்கிறது. அவர் நினைத்தபடி ஏப்ரல் 1ஐ ஒட்டி ஆறு லட்சத்தை எடுத்து நெல்லுக்குக் கொடுத்திருந்தால் கணக்கில் ரூ.1,64,740 மிஞ்சியிருக்கும். ஏப்ரல் 2, 3 தேதிகளில் வந்த இரண்டு காசோலைகளும் போனபின் 44,690. போட்டிருந்த 48,000 அதற்குள் வரவானாலும் 92,690. ஏப்ரல் 4 அன்று நீடாமங்கலம் விவசாயியின் ரூ.1,12,500 காசோலை பணமின்றித் திரும்பியிருக்கும். வேறு வரவு எதுவும் அந்த நாட்களில் இல்லை. செலாவணி முறிச் சட்டம், 1881இன் 138ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பெறுநர் எழுத்தில் அறிவிப்பு அனுப்பலாம். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் வழக்கு. கணக்கைப் பார்த்தபின் அவர் நெல்லை இரண்டு தவணையாக எடுக்க வியாபாரியிடம் பேசி முடித்தார்.

ஒரு காரணத்தை மட்டும் இனி அவ்வளவு எளிதாக ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. முன்பு "கிளியரிங்கில் இருக்கிறது" என்று சொன்னால் இரண்டு நாளைக்கு அது போதுமான விளக்கம். 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி, காசோலைகளைத் தொகுதி தொகுதியாக அல்லாமல் வேலை நேரம் முழுவதும் தொடர்ந்து தீர்வுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. வங்கியில் போட்ட காசோலைக்கு அநேகமாக அன்றே முடிவு தெரிந்துவிடுகிறது. ஆகவே இனிமேல் ஒரு காசோலை பட்டியலில் நிற்கிறது என்றால் அது பெறுநரின் வீட்டிலோ, கொடுத்தவரின் இழுப்பறையிலோதான் பெரும்பாலும் இருக்கும். அந்த ஆலையில் காசோலைப் பதிவேட்டில் இப்போது எழுதிய தேதிக்குப் பக்கத்தில் கொடுத்த தேதி என்று தனிப் பத்தி இருக்கிறது. மாதக் கடைசியில் அந்தப் பத்தி காலியாக இருக்கும் காசோலை எதுவும் தீர்வாகாதவற்றின் பட்டியலுக்குப் போவதில்லை.